எந்தத் தோட்டம் என்று கேட்காதவள்

மலைநாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதுதான். இரண்டாவது, எந்த டிவிஷன். மூன்றாவது, எந்த லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கிற எந்த வரிசை வீடு. நாலாவது கேள்விக்குத் தேவையே இருக்காது. "அட, நீ இன்னார் மகளா!" என்று எதிரே இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார். பதுளை டவுனில் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த விசாரிப்பு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. இது மரியாதை, இப்படிக் கேட்காமல் விட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள் என்று கலாராணிதான் எனக்குச் சொல்லித் தந்தாள். அதே கலாராணி, எங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுக்கிற ஒருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மர்ஸூக் நானாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பலகையில் 'தகவல் நிலையம்' என்று மட்டும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி, வீட்டுச் சண்டை, வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பாத அம்மா என்று எதற்கும் வருவார்கள். பலகையில் அதையெல்லாம் எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவளும் கலாராணிதான். எதற்காக ஒருத்தி படியேறுகிறாள் என்பது கீழே புடவை பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாதாம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு மேசை, ஒரு போன். அந்தப் போனில் எடுக்கிறவரின் நம்பர் தெரிகிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன்மேல் கலாராணி பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தாள்.

"போனுக்குக் காயமா கலாக்கா?" என்று நான் கேலி செய்வேன்.

"ஆமா. அது வாயத் தொறந்தா எனக்கு வேல போயிரும்" என்பாள்.

மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள் அவள். அம்மா கொழுந்து பறித்தார். இவள் பத்தாம் வகுப்போடு நின்று, பதுளைக்கு வந்து தையல் கடையில் இருந்து, பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கட்டையான உருவம், கணீரென்ற குரல், எதற்கும் இலேசில் இறங்கிவராத சுபாவம். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எதுக்குக் கேக்குறீங்க, மாப்பிள்ள கையில இருக்கா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

வந்த புதிதில் அவளும் எல்லாரையும் போலத்தான் விசாரித்தாள். ஒரு பெண் போனில், "சனிக்கிழமை தொறந்திருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கலாராணி உபசாரமாக, "தொறந்திருப்போம்மா. எந்தத் தோட்டம்?" என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கலாராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, அங்க மேல் லயமா, கீழ் லயமா? கங்காணி வீட்டுக்குப் பக்கமா? அப்ப நீங்க..." போன் வைக்கப்பட்டுவிட்டது. சனிக்கிழமை யாரும் வரவில்லை. அந்தக் குரல் மறுபடி வரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பிரச்சினை என்றே இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒன்றுமில்லாத விஷயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கலாராணி அதை அப்படி விட்டுவிடவில்லை.

"அவ கேட்டது சனிக்கிழமையப் பத்தி. சனிக்கிழமையச் சொல்றதுக்கு எனக்குத் தோட்டம் எதுக்கு ரிஸ்கா? மூணு கேள்வியில அவ கதவத் தட்டிட்டேன். பயந்துட்டா" என்றாள்.

அன்றோடு அவள் பேச்சு மாறியது. போனை எடுத்தால் "வணக்கம், சொல்லுங்க, என்ன விஷயமா எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்பாள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பஸ் நேரம் கேட்டவருக்குப் பஸ் நேரம் சொல்லி வைத்துவிடுவாள். சான்றிதழ் எடுப்பது எப்படி என்று கேட்டவருக்கு வழி சொல்வாள், பெயர் கேட்கமாட்டாள். "எங்க அலுவலகம் மூலமா எடுத்துத் தாங்க" என்று அவர்கள் சொன்ன பிறகுதான், "அப்ப புள்ள பொறந்த வருசமும் எடமும் வேணும், தேடுறதுக்கு" என்பாள். கேட்கிற ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சேர்த்தே சொல்வாள். சொல்ல விருப்பமில்லை என்றால், அது இல்லாமல் எதுவரை செய்யலாம் என்பதையும் சொல்வாள்.

இதற்கு எதிர்ப்பு வராமல் இல்லை. எங்கள் இணைப்பாளர் ஹுமைத் நல்ல மனிதர். ஆனால் புதுக் கணினியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் மூன்றையும் அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி செய்து கொண்டுவந்துவிட்டார். ஒரே ஆளை இரண்டு தடவை கணக்குக் காட்டிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அதிலும் நியாயம் இருந்தது. கலாராணி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றாள்.

"சார், இந்தப் பெட்டி மேல இருக்குற வரைக்கும் நான் இதத் தொட மாட்டேன். கடைக்கு வர்றவங்ககிட்ட, என்ன வாங்க வந்தீங்கன்னு கேக்க முந்தி ஐடென்டி கார்ட் கேட்டா மர்ஸூக் நானா கடையில ஒரு மொழம் துணி போகுமா?"

முதல் கூட்டத்தில் சிரித்தார். அடுத்ததில் எரிச்சல்பட்டார். அதற்கடுத்த கூட்டத்தில், "அப்போ ஒரே ஆள் ரெண்டாந்தரம் எடுத்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார். கலாராணியும் யோசித்து வைத்திருந்தாள். "அவங்களையே ஒரு வார்த்த வச்சிக்கச் சொல்லுவோம் சார். அடுத்த தடவ அதச் சொன்னாப் போதும்." கணினியில் விஷயத்தைக் கேட்கிற பெட்டி மேலே வந்தது, விலாசம் கடைசிக்குப் போனது. எனக்கு அவள்மேல் பொறாமைகூட வந்தது. நானாக இருந்திருந்தால் முதல் சிரிப்பிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இதைப் படித்துவிட்டு அவள் எதையுமே கேட்காத ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் பெரகலப் பக்கமிருந்து ஒருவர் மூச்சிரைக்க எடுத்தார். "லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்குது!" கலாராணி ஒரே மூச்சில், "எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம், உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டு வாங்கி, மற்றக் கையால் கைபேசியில் அனர்த்த நிலையத்தைக் கூப்பிட்டுவிட்டாள். எல்லாரும் கோயிலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தகவல் வந்த பிறகு நான், "இன்றைக்கு மட்டும் தோட்டம் கேட்டீங்களே?" என்றேன்.

"என்னத்துக்குன்னு அவரு மொத வார்த்தையிலயே சொல்லிட்டாரே. தெரிஞ்ச பொறகும் கேக்காம உக்காந்திருந்தா அதுவும் தப்புதான்" என்றாள்.

இனி இன்னொரு பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் அனுமதி தந்த பிறகுதான் எழுதுகிறேன். அவள் அம்மாவுக்கு ரெங்கம்மா என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

ஒரு காலை, நாங்கள் பிளேன்டீயைக் கையில் எடுத்த நேரம் போன் அடித்தது. எடுக்கிறவரின் சம்மதம் இருந்தால்தான் கலாராணி ஒலிபெருக்கியைப் போடுவாள். ஆகவே அன்று நான் கேட்டது கலாராணியின் பக்கம் மட்டும்தான். மற்றப் பக்கம் பிறகு தெரிந்தது.

"அங்க ஐடென்டி கார்ட் எடுத்துக் குடுப்பீங்களா?" என்று ஒரு மெல்லிய, கரகரத்த பெண் குரல்.

"எடுக்குற வழி சொல்லுவோம்மா. புதுசா எடுக்கவா, தொலைஞ்சு போனதுக்கா?"

"தொலைஞ்சது... மாதிரி."

என்ன 'மாதிரி' என்று நானாக இருந்தால் உடனே பிடித்திருப்பேன். கலாராணி பிடிக்கவில்லை. தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும், பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டும், விண்ணப்பத்தில் கிராம சேவகரோ தோட்டத் துரையோ உறுதிப்படுத்த வேண்டும், பிறகு பிரதேச செயலகம் என்று நிதானமாகச் சொன்னாள். "இதெல்லாம் சொல்றதுக்கு ஒங்க பேரு எனக்கு வேணாம்மா. கேட்டுக்கங்க, போதும்."

"தோட்டத்து ஆபிசுக்குப் போகாம முடியாதா?"

"முடியும். கிராம சேவகர்கிட்டப் போகலாம். ஆபிசுக்குப் போறது சிரமமா?"

"அவங்க வீட்டுல சொல்லிருவாங்க."

கலாராணி தேநீரைக் கீழே வைத்தாள். இப்போது விஷயம் அடையாள அட்டை இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய ஒன்றும் புரிந்துவிட்டது. அது என்ன என்பதை, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரிந்த கரகரப்பு. ஒரே லயத்தில் பக்கத்து அறையில், காம்பரா என்பார்கள், ஒன்றாக வளர்ந்த சிநேகிதி ரெங்கம்மாவின் குரல் அப்படித்தான் இருக்கும். அவளுடைய மகளின் குரலும் அதேதான். கலாராணி தூக்கி வளர்த்த பிள்ளை, இவளை அத்தை என்று கூப்பிடுகிறவள்.

நாக்கு நுனியில் பெயர் நின்றது என்றாள் என்னிடம். "அடியே, நீயா!" என்று சொன்னால் போதும், பிள்ளை அழுது எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று ஒரு மனது சொன்னதாம். இன்னொரு மனது அந்தச் சனிக்கிழமையை நினைவுபடுத்தியதாம்.

அவள் அந்தப் பெயரை விழுங்கினாள். "இப்பப் பேசுறது ஒங்களுக்குச் சரியா? பக்கத்துல யாரும் இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"இல்ல. பீலிக்குத் தண்ணியெடுக்க வந்தேன்."

"நல்லது. நான் ஒங்களத் திருப்பிக் கூப்பிட மாட்டேன். ஒங்க நம்பர் எனக்குத் தெரியாது. ஒங்க போன யாராச்சும் பாப்பாங்கன்னா இந்த நம்பர அழிச்சிருங்க. இன்னொன்னு சொல்லணும். என் பேரு கலாராணி. நான் மடுல்சீமப் பக்கத்து ஆளு, அந்தப் பக்கம் எனக்கு நெறைய பேரத் தெரியும். அது ஒங்களுக்குச் சங்கடம்னா, ரிஸ்கான்னு ஒருத்தவங்க இருக்காங்க, டவுன் ஆளு. அவங்ககிட்டப் பேசலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் குடத்தைப் பீலியடியில் வைக்கிற சத்தம் கேட்டதாம். பிறகு, "நீங்களே பேசுங்க" என்றது குரல்.

"சரிம்மா. அடுத்த தடவ மொதல்ல இருந்து சொல்ல வேணாம். ஒரு வார்த்த வச்சிக்கங்க, எது வேணும்னாலும்."

"ரொட்டி" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். கலாராணி எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "மொளகாத் தூசி" என்றாள். மிளகாய் அரைக்கிற இடம் ஒன்றும் அந்தத் தெருவில் கிடையாது.

அதன்பின் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். அந்தப் பெண் மறுபடி எடுக்காமலே போய்விடுவாளோ என்ற பயம். எடுத்தாள். "ரொட்டி" என்றாள், கொஞ்சம் பேசினாள், வைத்தாள். அட்டை தொலையவில்லை. புருஷன் எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். அட்டை இல்லாமல் அவள் எங்கேயும் போகமுடியாது என்பது அவன் கணக்கு. அடிக்கிறான். அம்மா வீட்டுக்கு ஒரு தடவை போனாள். அம்மா சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிப்போய் விட்டுவிட்டாள்.

கலாராணி கேட்டவை இவை மட்டும்தான்: இன்றிரவு பயமில்லாமல் இருக்கலாமா? காயத்துக்கு மருந்து வேண்டுமா? கூடப் பிள்ளை இருக்கிறதா? ஏன் கேட்கிறாள் என்பதையும் சொன்னாள். "பயமா இருந்தா இப்பவே எடத்தக் கேப்பேன், ஆள் அனுப்புறதுக்கு. இல்லன்னா கேக்க மாட்டேன்." பிறகு வழிகளைச் சொன்னாள். பொலிசில் பெண்கள் பிரிவு இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதற்குப் பெயரும் விலாசமும் கட்டாயம் வேண்டும், கட்டளையை அவன் கையில் கொடுக்க வேண்டுமே. டொக்டரிடம் போகலாம். எதுவும் செய்யாமல் பேசிக்கொண்டும் இருக்கலாம். "எந்த வழியில போறீங்களோ, அந்த வழிக்கு வேண்டியதத்தான் நான் கேப்பேன். அத யாரு யாரு பாப்பாங்கன்னும் மொதல்லயே சொல்லுவேன்."

ஒரு பகல் ரெங்கம்மா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்தவளாம். கலாராணியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்ததும் குரலை இறக்கினாள்.

"கலா, எம்மக இங்க போன் போட்டாளா? அவ போன்ல ஏதோ பதுள நம்பர் இருந்துச்சாம். மாப்புள ஒரே சத்தம். நீ ஆமான்னோ இல்லன்னோ சொல்லிட்டா நான் போயி ஆத்தி விட்டுருவேன்."

யாருடைய அம்மா என்று தெரியாமலே நான் கலாராணியைத் திரும்பிப் பார்த்தேன். கலாராணியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ரெங்கு, இங்க நூறு பேரு எடுப்பாங்க, பஸ் நேரம் கேக்கக்கூட எடுப்பாங்க. யாரு எடுத்தாங்க, யாரு எடுக்கலன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. நீ இங்க வந்தேன்னும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"நானுமா யாரோ? ஒரே பீலியில குளிச்சவதானடி நானு!"

"அதனாலதான் ஒன்கிட்ட வெளக்கம் சொல்றேன். வேற யாரும்னா இதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

ரெங்கம்மா கெஞ்சினாள். பிறகு திட்டினாள். "டவுனுக்கு வந்து பெரிய மனுசி ஆயிட்ட" என்றாள். கலாராணி தேநீரை நீட்டினாள், அவள் தொடவில்லை. எழுந்து வாசல்வரை போனவளிடம் கலாராணி, "யாரு புள்ளையா இருந்தாலும் அடி வாங்குற எடத்துக்குத் திருப்பி அனுப்பாத ரெங்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள். செருப்புச் சத்தம் மட்டும் இறங்கிப் போனது. கலாராணி அன்று என் முன்னாலேயே அழுதாள். மிளகாய்த் தூசி என்று சொல்லவில்லை.

அதன்பிறகு "ரொட்டி" எடுக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "நீங்க விலாசத்தக் கேட்டு வச்சிருந்தா இப்ப போய்ப் பாக்கலாமே கலாக்கா!" என்று கத்தினேன்.

"கேட்டிருந்தா ரெண்டாவது தடவ எடுத்திருக்கவே மாட்டா" என்று மட்டும் சொன்னாள். பிறகு தெரிந்தது, விலாசம் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலுக்குப் போகக்கூடியவள் அவள். அதை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்திருக்கிறாள். அந்தப் பொறுமை எனக்கு வராது, சத்தியமாக வராது.

பசறை வழியாக வருகிற காலை பஸ் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு நாள் படியில் மெதுவான காலடிச் சத்தம். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். கன்னத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிய ஒரு காயம். கலாராணி எழுந்து நின்றாள். கை மேசையைப் பிடித்திருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?"

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்தாள். "ரொட்டி" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்த, என் கொரலு ஒங்களுக்கு மொத நாளே தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சிச்சு."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீ எதுக்கு எடுக்குறேன்னு எனக்குத் தெரியலயே சாமி. அது தெரியாம ஒன் பேர நான் எப்படி எடுக்குறது?"

அவள் அழுதாள். பிள்ளை அம்மாவின் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா வந்து கேட்டுச்சாமே, நீங்க வாயத் தொறக்கலயாமே. வீட்டுல வந்து ஒங்களத் திட்டித் தீத்துச்சு. அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. அம்மாவுக்கே சொல்லாதவங்க வேற யாருக்குச் சொல்லப் போறாங்கன்னு." பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். "எனக்குக் கோர்ட்டுல அந்தக் கட்டள வேணும்."

இப்போதுதான் கலாராணி பேனாவை எடுத்தாள். "அதுக்குப் பேரும் விலாசமும் வேணும். கோர்ட்டும் லோயரும் பாப்பாங்க, வேற யாரும் பாக்க மாட்டாங்க. நான் ஒங்க சொந்தக்காரி மாதிரி, அதனால கேஸ ரிஸ்கா கையில குடுக்குறேன். சரியா? எழுதிக்கலாமா?"

"எழுதுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் தோட்டம். பிறகு டிவிஷன். பிறகு லயம், காம்பரா. யாரும் கேட்காமல், மலைநாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் சொல்கிற அதே வரிசையில் சொன்னாள். கடைசியில் தன் பெயரைச் சொன்னாள், சத்தமாக, கீழே கடையில் கேட்டாலும் பரவாயில்லை என்பதுபோல.

நான்தான் அவளோடு நீதிமன்றத்துக்குப் போனேன். கட்டளை கிடைத்தது, அட்டையும் திரும்பி வந்தது. இப்போது எங்கே இருக்கிறாள், என்ன வேலை செய்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெயரும் தெரியும். உங்களுக்கு வேண்டுமானால், முதலில் என்னத்துக்கு என்று சொல்லுங்கள்.